ஆடியில் காயும் கல்லா

தையல் கடையின் பில் புத்தகத்தில் 100 தாள் இருக்கும். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒரு பெண்கள் தையல் கடையில், 2024 தீபாவளிக்கு முந்தைய பத்து நாளில் ஒரு புத்தகம் தீர்ந்துவிட்டது. அதே கடையில், அதே ஆண்டு ஆடி பிறந்த அன்று எடுத்த புத்தகம் ஆவணி பிறந்த பிறகும் முடியவில்லை. நான் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன். ஒரு கடையின் நாடித்துடிப்பு பில் புத்தகத்தில் தெரியும் என்பது என் அனுபவம். அந்த இரண்டு புத்தகங்களையும் கடைக்காரத் தங்கச்சி என் மேசையில் வைத்துவிட்டு, "அண்ணே, தீபாவளிக்கு ராத்திரி ஒரு மணி வரைக்கும் தைக்கிறேன். ஆனா ஒவ்வொரு ஆடியிலயும் தண்டலுக்குத்தான் போய் நிக்கிறேன். எங்கதான் போகுது காசு?" என்று கேட்டார்.

இதே கேள்வியைப் பந்தல் போடுபவர், பத்திரிகை அச்சடிப்பவர், கல்யாணச் சமையல்காரர், ஜூஸ் கடைக்காரர் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தையல் கடையை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதன் கணக்கு சின்னது. ஏற்றமும் இறக்கமும் பளிச்சென்று தெரியும். அந்தத் தங்கச்சியின் சம்மதத்தோடு அவர் கணக்கையே இங்கே பிரித்து வைக்கிறேன். படிக்க எளிதாக இருக்கட்டும் என்று எண்களை முழு ஆயிரங்களாக்கியிருக்கிறேன்.

முதலில் வரவு. தையல் கூலியில் நூல், கொக்கி, லைனிங் துணி ஆகியவற்றின் விலையைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் வரவு என்று எழுதினோம். பில் போட்ட தேதியை விட்டுவிட்டோம். துணியைக் கொடுத்துக் காசு வாங்கிய தேதிதான் கணக்கு. இந்த வேறுபாடு முக்கியம். தீபாவளித் துணிக்கு செப்டம்பரிலேயே பில் விழும். காசு அக்டோபரில்தான் கல்லாவுக்கு வரும். அப்படிப் பார்த்தால் 2024இல் தீபாவளி மாதமான அக்டோபரின் வரவு 95,000. வைகாசி முகூர்த்தமும் பள்ளிச் சீருடையும் சேர்ந்த மே, ஜூன் மாதங்களில் 70,000, 68,000. ஆடி விழுந்த ஜூலையில் 30,000, ஆகஸ்டில் 34,000. மார்கழி தொடங்கும் டிசம்பரில் மறுபடி 34,000. பன்னிரண்டு மாதத்தையும் கூட்டினால் 6,48,000. மாதச் சராசரி 54,000 ரூபாய்.

அடுத்தது, தைத்தாலும் தைக்காவிட்டாலும் கொடுத்தே ஆக வேண்டிய செலவு. கடை வாடகை 7,500. பக்கத்து அறைக்கு 2,500. இரண்டு தையல்காரப் பெண்களுக்கு மாதச் சம்பளம் ஆளுக்கு 11,000. கரண்ட் 2,000, மெஷின் தவணை 2,500, டீ, போன், மெஷின் சர்வீஸ் எல்லாம் சேர்த்து 1,500. மொத்தம் 38,000. இதோடு அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்ட 14,000ஐச் சேர்க்கச் சொன்னேன். "அது என் காசுதானேண்ணே, அதை எதுக்குச் செலவுல எழுதணும்?" என்றார். கடையில் உட்கார்ந்து கட்டிங் போடுவது அவர். அவர் வராவிட்டால் அந்த வேலைக்கு ஒரு மாஸ்டருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதனால் அவருடைய 14,000உம் கடையின் செலவுதான். ஆக மாதம் 52,000.

வரவு சராசரி 54,000, செலவு 52,000. மாதம் 2,000 மிச்சம், ஆண்டுக்கு 24,000. அதில் 22,000 தீபாவளி போனசாக இரண்டு பெண்களுக்கும் போய்விடும். இறுக்கமான கணக்குதான், ஆனால் நஷ்டம் இல்லை. பிறகு ஏன் தண்டல்?

இங்கேதான் மாதக் கணக்கை அடுக்கி எழுத வேண்டும். ஜனவரியில் வெறுங்கையோடு தொடங்கி, ஒவ்வொரு மாதமும் மிஞ்சியதைக் கூட்டி, குறைந்ததைக் கழித்துக்கொண்டே வந்தோம். ஜூன் கடைசியில் கையில் 42,000 இருக்க வேண்டும். ஜூலையில் 22,000உம் ஆகஸ்டில் 18,000உம் குறையும். அப்போதும் 2,000 கையில் நிற்கும். அக்டோபர் வந்து மீண்டும் நிரம்பும். ஆக, அவர் ஓர் ஆண்டில்கூடக் கடன் வாங்கியிருக்க வேண்டியதில்லை. மே, ஜூன் உழைப்பே ஆடியைக் கடத்திவிட்டிருக்கும்.

ஆனால் அந்த ஜூன் கடைசியில் அவர் கையில் இருந்தது 6,000 ரூபாய்தான்.

மீதி 36,000 எங்கே என்று தேடினோம். இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டணம் 16,000. கொழுந்தனார் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்குச் சீர் 8,000. மொத்தமாக எடுத்தால் மலிவு என்று மதுரையில் வாங்கிப்போட்ட லைனிங் துணி 12,000. அந்தத் துணியை வைக்கத்தான் பக்கத்து அறை. இதில் எதுவும் ஊதாரித்தனம் இல்லை. கல்லா நிறைந்திருந்த நேரத்தில் வந்த செலவுகள்; கல்லாவில் இருந்தது, எடுத்தார். அந்தப் பணம் ஜூலை, ஆகஸ்ட் மாத வாடகையும் சம்பளமும் என்பது அப்போது தெரியவில்லை. அதன் மேல் அப்படி எழுதி ஒட்டியிருக்கவும் இல்லை.

இந்தத் தேடலில் இன்னொன்றும் தெரிந்தது. பள்ளிக் கட்டணமும் சீரும் மாதம் 14,000இல் அடங்காதவை. அவற்றை ஆண்டுக் கணக்கில் நாங்கள் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் ஆண்டு மிச்சம் போய், 22,000 பள்ளம் விழுகிறது. ஆக இங்கே இருப்பது இரண்டு நோய். ஒன்று, காசு வரும் மாதமும் போகும் மாதமும் வேறு வேறாக இருப்பது. இன்னொன்று, ஆண்டு முழுவதற்கும் சேர்த்தே காசு போதாமல் இருப்பது. முதலாவதற்குச் சேமிப்பு மருந்து. இரண்டாவதைச் சேமித்துத் தீர்க்க முடியாது, நிலைச் செலவைக் குறைத்தால்தான் தீரும். பலரும் இரண்டையும் ஒன்றாக நினைத்து, ஆடியைத் திட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

தண்டலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு இதில் வருத்தம் அதிகம். 20,000 ரூபாய்த் தண்டல் என்றால் 2,000 பிடித்துக்கொண்டு 18,000 கையில் தருவார்கள். மறுநாளிலிருந்து தினம் 200 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "2,000தானே வட்டி, பத்து பர்சன்ட்" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருவதால், அந்த 18,000 முழுதாக நம் கையில் இருப்பது ஒரே ஒரு நாள். பாதி நாள் கடந்தபோது பாதிப் பணம் அவர்களிடம் போய்விட்டிருக்கும். இதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டு வட்டி 70 சதவீதத்தைத் தாண்டும். அதைவிடக் கொடுமை அதன் நேரம். ஜூலையில் குறையும் 22,000க்காக வாங்கிய கடன், ஜூலையிலிருந்தே மாதம் 6,000 புது நிலைச் செலவாகக் கடைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பள்ளத்தை நிரப்ப வாங்கியது பள்ளத்தையே ஆழமாக்குகிறது. 2024 ஆகஸ்டில் அவருடைய இரண்டு வளையல் அடகுக் கடைக்குப் போனதற்குக் காரணம் ஆடி மட்டும் இல்லை. ஜூலையில் வாங்கிய தண்டலும்தான். நூறாவது நாள் அக்டோபரில் வந்தது. தீபாவளி வரவின் முதல் பங்கை தண்டல்காரரின் சிட்டைதான் வாங்கிக்கொண்டது.

சரி, எவ்வளவு சேர்த்து வைக்க வேண்டும்? மூன்று மாதச் செலவு, ஆறு மாதச் செலவு என்று பொதுவாகச் சொல்வார்கள். இவருக்கு ஆறு மாதம் என்றால் மூன்று லட்சத்துக்கு மேல். அதைக் கேட்டாலே ஒரு தையல் கடைக்காரர் நோட்டை மூடி வைத்துவிடுவார். பருவம் பார்த்து ஏறி இறங்கும் தொழிலுக்கு அவ்வளவு தேவையும் இல்லை. தொடர்ச்சியாக வரும் பள்ளங்களில் எது ஆழமானது என்று பார்த்தால் போதும். இவருக்கு ஜூலையும் ஆகஸ்டும் சேர்ந்து 40,000. நவம்பர், டிசம்பர் பள்ளம் 25,000. பெரியது 40,000, அதுதான் முதல் இலக்கு.

இலக்கைத் தொட இரண்டு வழி உண்டு: பணத்தைக் கூட்டுவது, பள்ளத்தைக் குறைப்பது. மாதம் ஆயிரம் ரூபாய் நிலைச் செலவு குறைந்தால் இரண்டு மாதப் பள்ளத்தில் இரண்டாயிரம் குறையும். ஆண்டு மிச்சத்தில் பன்னிரண்டாயிரம் கூடும். அதனால் சேமிப்புக்கு முன் செலவில் கை வைத்தோம்.

பக்கத்து அறையை 2025 ஜனவரியில் காலி செய்தார். லைனிங் துணியை அளவு பார்த்து அடுக்கியபோது கடைக்குள்ளேயே ஒரு மரப் பரணில் அடங்கிவிட்டது. மலிவாக வாங்கியதாக நினைத்த துணியில் மிச்சமானது எவ்வளவோ, அதைவிட அதை வைக்கக் கொடுத்த வாடகை அதிகம். அந்த அறைக்குக் கொடுத்திருந்த அட்வான்ஸில் பெயின்டுக்கும் பழைய பாக்கிக்கும் பிடித்ததுபோக 20,000 திரும்பி வந்தது. அதைக் கையில் வாங்கிய அன்றே தனியாகப் போடச் சொன்னேன். சேமிப்புக்கு விதை அதுதான். கடைக்காரர்களிடம் இப்படி அட்வான்ஸ் உருவில் தூங்கும் பணம் நிறைய இருக்கும்; யாரும் அதைப் பணமாகவே நினைப்பதில்லை.

கரண்ட் பில்லை எடுத்துப் பார்த்தோம். வணிக இணைப்புக்கு ஓடிய யூனிட்டுக்கு மட்டும் காசு வாங்குவதில்லை. எத்தனை கிலோவாட் என்று எழுதிக் கொடுத்து இணைப்பு வாங்கியிருக்கிறோமோ, அதற்கு ஒரு நிலைக் கட்டணமும் உண்டு. ஆடி மாதம் மெஷினுக்கு உறை போட்டு வைத்தாலும் அது விழும். இந்தக் கடையில் முன்பு ஏசி போட்ட ஜெராக்ஸ் கடை இருந்தது. அவர்கள் எழுதிக் கொடுத்த அளவே தொடர்ந்துகொண்டிருந்தது. நான்கு மெஷினுக்கும் ஒரு அயன் பாக்ஸுக்கும் அவ்வளவு வேண்டாம். மீட்டர் கட்டட உரிமையாளர் பெயரில் இருப்பதால் அவர்தான் மனுக் கொடுக்க வேண்டும்; அவரைச் சம்மதிக்க வைக்கச் சில வாரம் பிடித்தது. இன்னொன்று, பவர் மெஷினில் பழைய கிளட்ச் மோட்டார் இருந்தால் சுவிட்ச் போட்டதிலிருந்து சுற்றிக்கொண்டே இருக்கும், தைத்தாலும் தைக்காவிட்டாலும். சர்வோ மோட்டார் கால் வைத்து மிதிக்கும்போது மட்டும் ஓடும். அதிகம் ஓடும் இரண்டு மெஷினுக்கு மட்டும் மாற்றினார். எல்லாமாகச் சேர்ந்து மாதம் 500 குறைந்தது. சிறிய தொகைதான், ஆனால் ஒரு தடவை அலைந்ததற்கு மாதாமாதம் கிடைக்கிறது. உதிரிச் செலவில் இன்னொரு 500 குறைந்தது. மொத்தம் 3,500.

பெரிய செலவு சம்பளம்தான், 22,000. இதில் கை வைக்கும்போதுதான் பல கடைகள் கெட்டுப்போகின்றன. ஆடியில் ஒரு பெண்ணை நிறுத்திவிட்டு ஆவணியில் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். நன்றாகக் கழுத்து வைக்கவும் கை ஏற்றவும் தெரிந்த பெண்ணை ஒரு மாதம் வீட்டில் உட்கார வைத்தால், எங்கள் பக்கம் ஊர் ஊராக வரும் கார்மென்ட்ஸ் கம்பெனி வேனில் அடுத்த வாரமே ஏறிவிடுவார். பிறகு தீபாவளிக்குப் புது ஆள் தைத்த ரவிக்கையைப் பிரித்துத் தைக்கும் செலவு, ஆடியில் மிச்சம் பிடித்த சம்பளத்தை விழுங்கிவிடும். அதைவிட, அந்தப் பெண்ணின் வீட்டிலும் ஆடி உண்டு. நம் கடையின் பள்ளத்தை அவர் வீட்டு முற்றத்தில் கொண்டுபோய்க் கொட்டுவது செலவுக் குறைப்பு ஆகாது.

அதனால் நால்வருமாக உட்கார்ந்து பேசினோம். மாதச் சம்பளம் ஆளுக்கு 9,000 என்று வைத்துக்கொண்டு, ஒரு அளவுக்கு மேல் தைக்கும் ஒவ்வொரு உருப்படிக்கும் தனிக் கூலி. ஜூலை, ஆகஸ்டில் கடை கொடுப்பது 18,000ஆகக் குறையும். அந்த மாதங்களில் வாரம் ஒரு நாள் அவர்கள் மாற்றி மாற்றி விடுப்பு எடுத்துக்கொள்வார்கள். முகூர்த்த மாதங்களிலும் தீபாவளிக்கும் உருப்படிக் கூலியில் அது திரும்பிவிடும். ஆண்டு முடிவில் அவர்கள் கைக்குப் போவது பழைய தொகைக்குக் குறையக் கூடாது, குறைந்தால் போனசோடு ஈடுகட்ட வேண்டும் என்று நோட்டில் எழுதிக்கொண்டோம். ஆண்டுக் கணக்கில் இதனால் கடைக்கு ஒரு பைசா மிச்சம் இல்லை. செலவு, காசு இருக்கும் மாதத்துக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு பெண்களில் மூத்தவர் அப்போது சொன்னது எனக்கு மறக்கவில்லை. "அக்கா, தீபாவளிக் கூலியில மாசம் ஆயிரமா ரெண்டு ஆயிரத்த நீங்களே பிடிச்சு வச்சு ஆடியில குடுங்க. எங்கிட்ட இருந்தா நிக்காது." அவருக்கும் ஒரு சேமிப்பு அங்கேயே தொடங்கியது.

இப்போது கணக்கைத் திரும்பப் போட்டோம். மற்ற மாதங்களில் தேவை 52,000இலிருந்து 48,500. ஜூலை, ஆகஸ்டில் 44,500. அதே வரவு வந்தால் ஜூலையில் 14,500உம் ஆகஸ்டில் 10,500உம் குறையும். 40,000 ஆக இருந்த பள்ளம் 25,000 ஆகிவிட்டது. அந்த ஆடி இன்னும் மோசமாகி வரவு ஐந்தில் ஒரு பங்கு விழுந்தால் இன்னொரு 13,000 வேண்டியிருக்கும். அதையும் சேர்த்து இலக்கை 40,000லேயே வைத்துக்கொண்டோம். பக்கத்து அறையும் கரண்டும் உதிரிச் செலவும் சேர்ந்து ஆண்டுக்கு 42,000 மிச்சமாவதால், பள்ளிக் கட்டணத்தாலும் சீராலும் விழுந்த 22,000 பள்ளமும் அடைபட்டது.

சேர்ப்பது எப்படி? மாதக் கடைசியில் மிச்சத்தைப் போடுவேன் என்றால் மிச்சம் இருக்காது. மாதா மாதம் ஒரே தொகை கட்டும் ஆர்டி இவருக்கு ஒத்துவராது. ஆடியிலும் கட்டச் சொல்லும், அதுவே இன்னொரு நிலைச் செலவு. தையல் கடைக்கு வாரம்தான் இயற்கையான அளவு, ஏனென்றால் டெலிவரி சனிக்கிழமை குவியும். மாதம் 48,500 என்பது வாரத்துக்கு 11,200. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வார வரவை எண்ணி, 11,200க்கு மேல் உள்ளதைத் திங்களன்று வங்கியில் போட்டுவிட வேண்டும். குறைந்த வாரத்தில் எதுவும் போட வேண்டாம். அக்டோபரில் ஒரே வாரத்தில் பன்னிரண்டாயிரம்கூடப் போகும். மார்ச்சில் ஒன்றும் போகாது. வீட்டுக்கு 14,000, மாத முதல் தேதியில், அக்டோபரிலும் அதே 14,000. இந்த ஒன்றைக் கடைப்பிடிக்கத்தான் அவர் மிகவும் சிரமப்பட்டார்.

முன்பணம் இதில் சேராது. கல்யாணத்துக்குப் பத்து ரவிக்கை என்று பாதிக் காசு கொடுத்துவிட்டுப் போனால், துணி கைக்குப் போகும் வரை அது வாடிக்கையாளரின் பணம். அதற்குக் கல்லாவில் தனிக் கவர் வைத்தார். இந்தக் கவர் இல்லாதவரை, தீபாவளிக்கு முன் கடை உண்மையைவிடப் பணக்காரக் கடையாகத் தெரிந்துகொண்டிருந்தது.

வைக்கும் இடமும் யோசித்ததுதான். கடை வரவு வரும் கணக்கிலேயே வைத்தால் போனில் இருந்து போய்க்கொண்டே இருக்கும். அதனால் வேறொரு வங்கியில், போனில் இணைக்காத கணக்கு. அதில் பத்தாயிரம் சேர்ந்ததும் ஒரு வைப்பு நிதி. நாற்பதாயிரத்தை ஒரே வைப்பாகப் போடாமல் நான்காகப் போட்டால், அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம். மற்ற மூன்றுக்கும் வட்டி கெடாது. "சீட்டுல போடலாமேண்ணே" என்று கேட்டார். ஏலச் சீட்டு நல்ல பழக்கம்தான், ஆனால் ஆடியில் இவருக்குப் பணம் வேண்டியிருக்கும்போது அதே தெருவில் உள்ள மற்ற கடைக்காரர்களுக்கும் வேண்டியிருக்கும். எல்லோரும் கேட்கும் மாதத்தில் தள்ளுபடி ஏறும். எடுப்பவர் கைக்கு வருவது சுருங்கும். நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரத்தில் முதல் நாளே ஒரு பங்கு போய்விடும்.

2025 எப்படிப் போனது என்று சொல்கிறேன். வளையலை மீட்டது, பள்ளிக் கட்டணம் கட்டியது எல்லாம் போக ஜூன் கடைசியில் சேமிப்பு 38,000. நடுவில் ஒரு தடவை வழுக்கியது. ஏப்ரலில் உறவில் ஒரு காதுகுத்துக்கு 5,000 எடுத்துவிட்டு மே மாதம்தான் என்னிடம் சொன்னார். திட்டவில்லை, அந்த வங்கிப் புத்தகத்தின் அட்டையில் மூன்று சொல் எழுதி ஒட்டினோம்: வாடகை, சம்பளம், தவணை. இந்த மூன்றுக்கு மட்டுமே அதிலிருந்து எடுக்கலாம். மே மாத வரவிலிருந்து அந்த 5,000 திரும்ப வைக்கப்பட்டது. ஜூலை வரவு முந்தைய ஆண்டைவிடக் குறைந்து 27,000தான். அந்த மாதம் 17,500உம் ஆகஸ்டில் 10,500உம் எடுத்தார். 10,000 மீதி. தண்டல்காரர் பழக்கத்தில் ஒரு நாள் வந்து நின்றார். டீ கொடுத்து அனுப்பினார்.

ஜூலை வரவு 3,000 குறைந்ததைப் பார்த்து எனக்கு ஒரு கவலை வந்தது. சேமிப்பு பருவப் பள்ளத்துக்குத்தான் உதவும். கடையே தேய்ந்துகொண்டிருந்தால் அது தேய்மானத்தை மறைத்துவிடும். காசு வந்துகொண்டிருக்கிறது என்ற நிம்மதியில் வாடிக்கை போவது தெரியாமல் போகும். இதைக் கண்டுபிடிக்க ஜூலையை ஜூனோடு ஒப்பிடக் கூடாது, போன ஆண்டு ஜூலையோடு ஒப்பிட வேண்டும். ரூபாயோடு உருப்படியையும் எண்ண வேண்டும், ஏனென்றால் கூலி ஏற்றியிருந்தால் ரூபாய் ஏமாற்றும். பிறகு ஆவணியின் முதல் மூன்று வாரம் பார்க்க வேண்டும். ஆடி உண்மையாகவே ஆடி என்றால் ஆவணியில் கூட்டம் போன ஆண்டு அளவுக்குத் திரும்பும். திரும்பாவிட்டால் பக்கத்தில் புதுக் கடையோ, ரெடிமேட் ரவிக்கையோ வாடிக்கையை எடுத்துக்கொண்டிருக்கிறது. அப்போது சேமிப்பைக் கரைத்துக்கொண்டே காத்திருப்பது ஆபத்து. நல்லவேளை, இவருக்கு ஆவணியில் உருப்படி எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிடச் சற்றுக் கூடியே இருந்தது.

இன்னொரு நுணுக்கம் நாள்காட்டியில் இருக்கிறது. ஆடியும் மார்கழியும் ஆங்கிலத் தேதியில் ஏறக்குறைய அசையாது, தீபாவளி அசையும். 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. தீபாவளி முந்தி வந்தால் அக்டோபர் வரவு அழகாகத் தெரியும், ஆனால் அங்கிருந்து பொங்கல் வரை நீள்வது பன்னிரண்டு வாரத்துக்கு மேல். நடுவில் கார்த்திகை முகூர்த்தம் மட்டும் கொஞ்சம் தாங்கும். அதனால் 2025 தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் 11,200க்கு மேல் வந்ததை ஒரு ரூபாய் விடாமல் போடச் சொன்னேன். போனஸ் கொடுத்ததும் சேமிப்பு மீண்டும் நாற்பதாயிரத்தைத் தொடவில்லை, முப்பத்திரண்டில் நின்றது. நவம்பரும் டிசம்பரும் அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. தைப் பொங்கலுக்குக் கடை திறந்தபோது ஒரே ஒரு வைப்பு நிதி மட்டும் உடையாமல் இருந்தது. கடன் எதுவும் இல்லை.

போன வாரம் போயிருந்தேன். புது நோட்டின் முதல் பக்கத்தில் 2026 தீபாவளி, நவம்பர் 8 என்று எழுதி, அங்கிருந்து பொங்கல் வரை வாரங்களை எண்ணிக் குறித்திருந்தார். பத்துகூட வரவில்லை. "இந்தத் தடவை அந்தப் பக்கம் குறைச்சல்ணே. ஆனா ஆவணி ஆரம்பத்துல இருந்து தீபாவளி வரைக்கும் நீளுது, அந்த செப்டம்பரைத்தான் யோசிக்கணும்" என்றபடி, லைனிங் துணியை மடித்துப் பரணில் வைத்துக்கொண்டிருந்தார்.